'இனிதே நிறைவுற்றது' – அப்புறம் என்ன ஆச்சு?

நம் ஊர்க் கல்லூரி மன்றங்களின் நிகழ்ச்சி அறிக்கைகளை யாராவது தொகுத்துப் புத்தகம் போட்டால், முதல் பக்கத்தைப் படித்தவருக்கு மீதிப் பக்கங்கள் தேவைப்படாது. தமிழ்த்தாய் வாழ்த்துடன் விழா இனிதே தொடங்கியது. மன்றச் செயலாளர் வரவேற்புரை நல்கினார். முதல்வர் தலைமை தாங்கினார். துறைத்தலைவர் முன்னிலை வகித்தார். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. அவர் சிறப்புரையாற்றினார். மாணவ மாணவியர் திரளாகக் கலந்துகொண்டு பயன்பெற்றனர். நன்றியுரை. நாட்டுப்பண். இனிதே நிறைவுற்றது.

இதை நான் வெறும் அலுப்பில் சொல்லவில்லை. இந்த நடையில் அறிக்கை எழுதுவது தப்பு என்றே சொல்கிறேன். நடந்த வேலையை மறைத்துவிட்டு வந்த ஆட்களை மட்டும் காட்டுகிற எழுத்து இது. இப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்து இதே மாதிரி எத்தனையோ எழுதிக் கொடுத்தவன் நான். அந்தத் தகுதிதான்.

2023 செப்டம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம், எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிற பெண் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். அங்கே தேர்தல் விழிப்புணர்வு மன்றத்தின் செயலாளர். 2018-இல் தேர்தல் ஆணையம் நாடு முழுக்கக் கல்வி நிலையங்களில் தொடங்கச் சொன்ன மன்றம் அது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் முகாம் ஒன்று நடத்தியிருக்கிறார்கள். அந்த அறிக்கையை ஐ.க்யூ.ஏ.சி. என்று சொல்கிறார்களே, கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு, அங்கே கொடுக்க வேண்டும்.

"தாத்தா, எழுத்துப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க. நாளன்னைக்குக் குடுக்கணும்."

நாலு பக்கம். எழுத்துப்பிழை அதிகம் இல்லை. முதல் மூன்று பக்கமும் பெயர்கள், பட்டங்கள், பதவிகள். யாருக்கு யார் பொன்னாடை போர்த்தினார், யாருக்கு நினைவுப் பரிசு, யாருக்குப் புத்தகம் என்பதெல்லாம் வரிசை மாறாமல் இருந்தது. நாலாம் பக்கத்தில் இரண்டு போட்டோ, அவற்றுக்கு மேலே ஒரே ஒரு வரி: "180 மாணவ மாணவியர் கலந்துகொண்டு வாக்குரிமை குறித்த விழிப்புணர்வு பெற்றனர்."

"ஏம்மா, எத்தனை பேர் படிவம் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"தொண்ணூத்தி நாலு தாத்தா."

"அது இதுல எங்கம்மா இருக்கு?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதையும் அறிக்கையில் எழுதலாமா என்கிற பார்வை. பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். மாணவர் பெயர், பிறந்த தேதி, எந்தப் படிவம், விண்ணப்ப எண், என்ன குறை என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டு எழுதியிருந்தாள். எனக்குப் பகீரென்றது. உண்மையான அறிக்கை அந்த நோட்டில் இருக்கிறது. கல்லூரிக்குப் போவது இன்னொன்று.

இந்த இடத்தில் என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்கு இரண்டு விதமான எழுத்தைத் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றுக்குப் பெயர் ப்ரொசே வெர்பால். சபைக் கூட்டத்தின் சட்டபூர்வமான பதிவு அது. வந்திருந்தோர், வராதோர், தீர்மானம், கையெழுத்து எல்லாம் அதில் வரும். இன்னொன்று கோந்த் ராந்து. அதை அப்படியே தமிழில் சொன்னால் 'கணக்கு ஒப்புவித்தல்'. என்ன செய்யப் போனோம், என்ன ஆயிற்று, என்ன பாக்கி என்று, அங்கே இல்லாத ஒருவருக்குச் சொல்வது. இரண்டையும் கலந்து எழுதினால் வாத்தியார் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

வந்தவர் பட்டியல் வேண்டாத பொருள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு உரிய இடம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கப் பேரவையிலோ ஊராட்சி மன்றத்திலோ இத்தனை பேர் இருந்தால்தான் தீர்மானம் செல்லும் என்று விதி உண்டு. அங்கே யார் வந்தார் என்பதுதான் உயிர். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் தீர்மானமே இல்லை. வாக்காளர் முகாமுக்கு அப்படி என்ன குறைந்தபட்ச எண்ணிக்கை? துறைத்தலைவர் முன்னிலை வகிக்காவிட்டால் அந்த 94 படிவமும் செல்லாமல் போயிருக்குமா? நம் ஆட்கள் ப்ரொசே வெர்பாலின் உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தீர்மானம் இருக்க வேண்டிய இடத்தில் பொன்னாடையை வைத்துவிட்டார்கள்.

சரி, திருத்திய கதைக்கு வருகிறேன்.

முதலில் நோட்டை வைத்துக்கொண்டு 180 பேரையும் பிரித்தோம். 52 பேர் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்கள். மீதி 128. அவர்களில் 94 பேர் படிவம் 6 கொடுத்தார்கள். புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கு அதுதான் படிவம். 27 பேரிடம் போட்டோவோ வயதுச் சான்றோ முகவரிச் சான்றோ இல்லை. 7 பேர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. "இதையும் எழுதணுமா தாத்தா?" என்றாள். எழுதும்மா என்றேன்.

அந்த 94-லும் ஒரு பிரிவு உண்டு. முன்பெல்லாம் ஜனவரி 1-ஆம் தேதி ஒன்றுதான் வயதைக் கணக்கிடும் தகுதி நாள். ஜனவரி 2-இல் 18 முடிந்தவன் அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நாலு தகுதி நாள். 17 முடிந்தவர் முன்கூட்டியே மனு கொடுத்து வைக்கலாம், உரிய காலாண்டு வரும்போது எடுத்துக்கொள்வார்கள். கல்லூரி முதலாம் ஆண்டுப் பிள்ளைகளில் பலர் சரியாக இந்த வயதில் நிற்பவர்கள். 94-இல் 31 பேர் அப்படி முன்கூட்டிக் கொடுத்தவர்கள். எல்லாருக்கும் அக்டோபர் 1-தான் தகுதி நாள். மீதி 63 பேர் 18 முடிந்தவர்கள்.

அடுத்தது, முகாம் முடிந்து ஏழு வாரம் ஆகிவிட்டதே, அந்த 63 மனுவும் இப்போது எங்கே நிற்கின்றன? இதை யாரும் கேட்கவில்லை. ஆனால் கேட்பதற்கு வழி இருக்கிறது. இணையத்தில் மனு கொடுத்தால் ஒரு விண்ணப்ப எண் வரும். அதை voters.eci.gov.in பக்கத்தில் போட்டால் மனுவின் நிலை தெரியும். அவள் எல்லா எண்ணையும் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். புண்ணியவதி! எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு சாயங்காலம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். அறிக்கை கொடுக்க இரண்டு நாள் கூடுதலாக அவகாசம் கேட்டு வாங்கியிருந்தாள்.

51 ஏற்கப்பட்டிருந்தது. 4 இன்னும் பரிசீலனையில். 8 தள்ளுபடி.

எனக்கு அந்த எட்டில்தான் ஆர்வம். மூன்று மனுவில் ஏற்றிய சான்று தெளிவாக இல்லை, போன் வைத்து அவசரமாக எடுத்த படங்கள். மீதி ஐந்தும் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், விடுதி முகவரியில் கேட்டவர்கள். மாணவர் வீட்டு முகவரியிலும் கேட்கலாம், தங்கிப் படிக்கும் இடத்திலும் கேட்கலாம். அதற்கு இன்னார் இங்கே படிக்கிறார் என்று கல்லூரி முதல்வர் ஒரு சான்று தர வேண்டும். இந்த ஐந்து பேரும் அந்தச் சான்றை இணைக்கவில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேரில் விசாரிக்கப் போனது சனிக்கிழமை. பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். வாசலில் இருந்தவர் 'தெரியாது' என்று சொல்லிவிட்டார். அவள் போன் போட்டு ஒவ்வொருவரையும் கேட்டுத் தெரிந்துகொண்டது இது.

இப்போது பாருங்கள். அடுத்த முகாமில் விடுதிப் பிள்ளைகளுக்கு முதல்வர் சான்றை முந்தின வாரமே வாங்கி வைக்க வேண்டும், விடுதிக் காப்பாளரின் எண்ணை வாக்குச்சாவடி அலுவலரிடம் கொடுக்க வேண்டும், நல்ல ஸ்கேனர் ஒன்று வைக்க வேண்டும். இத்தனையும் தள்ளுபடியான எட்டு மனுவிலிருந்து கிடைத்த பாடம். 'இனிதே நிறைவுற்றது' என்ற வரியிலிருந்து அடுத்த வருடச் செயலாளர் என்ன கற்றுக்கொள்வார்? எந்தக் கடையில் பொன்னாடை வாங்கினார்கள் என்பதைக்கூடக் கற்க முடியாது.

பிறகு 'சிறப்புரையாற்றினார்' என்ற வினைச்சொல்லுக்கு வந்தோம். நான் படித்ததிலேயே அதிகமாக விஷயத்தை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாத சொல் அது. வந்தவர் தேர்தல் வேலையில் பழக்கமுள்ள ஒரு வருவாய்த்துறை அதிகாரி. என்னம்மா பேசினார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். ஏற்கெனவே சொந்த ஊரில் பெயர் இருப்பவர் திண்டுக்கல்லுக்கு மாற்ற விரும்பினால் படிவம் 6 கொடுக்கக் கூடாது, படிவம் 8-தான் கொடுக்க வேண்டும் என்று எச்சரித்திருக்கிறார். படிவம் 6-இல் 'என் பெயர் வேறு எங்கும் இல்லை' என்று உறுதிமொழி கொடுக்கிறோம். அது பொய்யானால் 1950-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 31-ஆம் பிரிவின்படி ஒரு வருடம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. கொடைக்கானல் பிள்ளை ஒருத்தி, பழனி தொகுதியில் பெயர் இருப்பவள், திண்டுக்கல் தொகுதிக்கு மாற்றக் கேட்டுப் படிவம் 6-ஐ நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறாள். பேச்சைக் கேட்டுவிட்டு அதைக் கிழித்துப் போட்டு 8 வாங்கியிருக்கிறாள். அவளோடு சேர்த்து ஒன்பது பேர். அந்த ஏற்கெனவே இருந்த 52-இல் சேர்ந்தவர்கள்.

அந்த மனிதரின் பத்து நிமிடப் பேச்சு ஒன்பது பிள்ளைகளைத் தப்பான உறுதிமொழியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. மூன்று வரி நீளத்துக்கு அவருடைய பட்டங்களை எழுதிய அறிக்கையில் இது இல்லை. விருந்தினருக்கு மரியாதை செய்வதாக நினைத்து அவர் செய்த காரியத்தையே அழித்துவிட்டோம்.

கடைசியில் அறிக்கை ஒரு பக்கமும் நாலு வரியும் வந்தது. முதல் பத்தியை மட்டும் இங்கே தருகிறேன்.

"முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர் 180 பேரில் 128 பேர் வாக்காளர் பட்டியலில் இல்லை. முகாமில் 94 பேர் படிவம் 6 அளித்தனர். செப்டம்பர் இறுதி நிலவரப்படி 51 பேர் சேர்க்கப்பட்டுள்ளனர், 8 மனுக்கள் தள்ளுபடி, 4 பரிசீலனையில். 17 வயது நிறைந்த 31 பேரின் மனுக்கள் அக்டோபர் 1 தகுதி நாளுக்கானவை. சான்று இல்லாத 27 பேருக்கும் இடையில் சென்ற 7 பேருக்கும் மறுமுகாம் தேவை."

அடுத்த பத்தியில் தள்ளுபடிக்கான காரணம். அதற்கடுத்து விருந்தினர் பெயரும், படிவம் 8 பற்றி அவர் சொன்னதும், அதனால் ஒன்பது பேர் மாற்றிக்கொண்டதும். வந்தவர் பட்டியல், செலவுச் சீட்டு, போட்டோ எல்லாம் பின்னிணைப்பு. அவற்றைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தணிக்கைக்கு வேண்டும், டீ செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: பிள்ளைகளின் போன் நம்பரும் விண்ணப்ப எண்ணும் உள்ள பக்கம் கல்லூரி இணையதளத்தில் ஏறக்கூடாது. கையெழுத்துப் பட்டியலை நம்பரோடு அப்படியே ஸ்கேன் செய்து ஊருக்கெல்லாம் காட்டுகிற வழக்கம் பல இடத்தில் இருக்கிறது. பெண் பிள்ளைகள் படிக்கிற இடம். யோசிக்க வேண்டாமா?

மன்றத்துக்குப் பொறுப்பான பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. தள்ளுபடி எட்டு என்றெல்லாம் போட்டால் நாக் குழு என்ன நினைக்கும், முதல்வர் பெயர் இரண்டாம் பக்கத்துக்குப் போனால் அவர் என்ன நினைப்பார் என்று கேட்டிருக்கிறார். இரண்டாவதற்கு என்னிடம் மருந்து இல்லை. முதல்வர் சான்று கொடுத்தால் ஐந்து மனு பிழைக்கும் என்று எழுதியிருக்கிறோமே, அதைவிட அவர் பெயருக்கு என்ன மரியாதை வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். முதல் கேள்விக்குப் பதில் நாக் வெளியிட்ட கையேட்டிலேயே இருக்கிறது. தேர்தல் மன்றங்களைப் பற்றிய பகுதியில், 18 வயது கடந்தும் இன்னும் பட்டியலில் சேராத மாணவர் எவ்வளவு, அவர்களைச் சேர்க்கக் கல்லூரி என்ன செய்கிறது என்று கேட்கிறார்கள். யார் குத்துவிளக்கு ஏற்றினார் என்று கேட்கவில்லை. 'சிறந்த நடைமுறை' என்று எழுதித்தரச் சொல்லும் படிவத்திலும் வெற்றிக்கான சான்று என்று ஒரு தலைப்பு, சந்தித்த சிக்கல்கள் என்று இன்னொரு தலைப்பு. சிக்கலைச் சொல்லத் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கும்போது அதை மறைத்து யாரைத் திருப்திப்படுத்தப் போகிறோம்?

இதில் எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விளைவை எழுது, விளைவை எழுது என்று மேலிருந்து விரட்டினால் நம் ஆட்கள் விளைவைத் தயாரித்துவிடுவார்கள். 'நூறு சதவீத மாணவர்கள் விழிப்புணர்வு பெற்றனர்' என்பது அப்படித் தயாரித்த சரக்கு. விழிப்புணர்வு எந்தத் தராசில் நிறுக்கப்பட்டது? கூட்டம் முடிந்ததும் போனில் ஒரு படிவம் அனுப்பி, 'நிகழ்ச்சி பயனுள்ளதாக இருந்ததா' என்று கேட்டு, எல்லாரும் ஆம் என்று அழுத்தியதை வட்டப் படமாகப் போடுகிறார்கள். அதை அழுத்தினால்தான் சான்றிதழ் வரும் என்றால் யார் இல்லை என்று அழுத்துவார்? இதைவிடப் பொன்னாடைப் பட்டியல் மேல். அது உண்மையாவது.

நான் அவளுக்குச் சொன்ன சோதனை சின்னது. அறிக்கையில் வாக்காளர் முகாம் என்ற சொல்லை அடித்துவிட்டு யோகா தினம் என்று எழுதிப் பார். மற்ற வரிகள் அப்படியே நின்றால் நீ ஒன்றும் எழுதவில்லை. அவளுடைய பழைய அறிக்கையில் ஒரே ஒரு வரிதான் உதைத்தது.

எல்லா நிகழ்ச்சிக்கும் இப்படி எண்ணிக்கை கிடைக்காது. தமிழ் மன்றத்தில் ஒருவர் வந்து சிலப்பதிகாரம் பேசினால் எத்தனை படிவம் தேறியது என்று கேட்க முடியுமா? அங்கே எண்ணைத் தேடி அலைவதே அபத்தம். அவர் சொன்னதில் புதிதாக இரண்டு விஷயம், பிள்ளைகள் கேட்ட ஒரு கேள்வி, அதற்கு அவர் தந்த பதில், இதை எழுதினால் போதும். வராதவன் படித்துத் தெரிந்துகொள்வான். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை என்றால் அதையும் எழுதலாம். அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிட உதவும்.

அறிக்கை எப்படிப் போயிற்று என்றால், பேராசிரியர் இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து அனுப்பிவிட்டார். மேலே பழைய நாலு பக்கம், கீழே எங்களுடைய ஒரு பக்கம் நாலு வரி. எந்தக் கோப்பிலும் மேலே இருப்பதைத்தான் படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

நவம்பரில் தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்தபோது அதே நோட்டும் அவள் கையில் இருந்தது. "தாத்தா, அந்த முப்பத்தோரு பேர்ல இருபத்தெட்டு வந்துருச்சு. மூணு பேர் வேடசந்தூர் பக்கம், இன்னும் விசாரணைக்கே வரலையாம்." அந்த நாலு பரிசீலனை மனுவும் தேறிவிட்டது. ஐந்து விடுதிப் பிள்ளைகளில் நாலு பேர் முதல்வர் சான்றோடு திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் எங்கே சேர்ப்பது என்று கேட்டாள். கோப்பு எப்போதோ மேலே போய்விட்டது. கல்லூரி அலுவலகத்தில் நகல் ஒன்று இருக்கும், அதில் தேதி போட்டுக் கையால் எழுதி, கீழே உன் கையெழுத்தைப் போட்டு வை என்றேன். திங்கட்கிழமை போய் எழுதிவிட்டு வந்தாள்.